நாற்பது விநாடி வேலை, இருபது விநாடி ஓய்வு: மொத்தம் எவ்வளவு?

ஜிம் சுவரில் தொங்கும் வெள்ளைப் பலகையில் அன்றைய பயிற்சி எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு செட். ஒரு செட்டில் ஆறு பயிற்சிகள்: ஸ்குவாட், புஷ் அப், கெட்டில்பெல் ஸ்விங், மவுண்டன் கிளைம்பர், லஞ்ச், சைடு பிளாங்க். ஒவ்வொன்றும் 40 விநாடி. அடுத்ததற்குப் போகுமுன் 20 விநாடி ஓய்வு. ஒரு செட் முடிந்து அடுத்த செட் தொடங்குமுன் 90 விநாடி ஓய்வு.

"மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும், மாஸ்டர்?" என்று ஒருவர் கேட்கிறார். "சரியா அரை மணி நேரம்" என்கிறார் மாஸ்டர். நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்த இன்னொருவருக்கு 27 நிமிடம் 10 விநாடிதான் வருகிறது. போனில் டைமர் ஆப்பைத் திறந்து இதே எண்களைத் தட்டியவருக்குத் திரையில் 28:30 என்று தெரிகிறது.

மூவரும் பெருக்கலில் தவறவில்லை. மூன்று விடைகளிலும் வேலை நேரம் ஒன்றுதான்: நான்கு செட், செட்டுக்கு ஆறு முறை, முறைக்கு 40 விநாடி என்றால் 960 விநாடி, அதாவது 16 நிமிடம். வித்தியாசம் முழுக்க ஓய்வை எண்ணுவதில் வந்தது.

ஒரு கையில் ஐந்து விரல்கள் இருந்தாலும் விரல்களுக்கு நடுவே இருக்கும் சந்துகள் நான்குதான். இன்டர்வெல் பயிற்சியின் கணக்கும் இப்படித்தான். ஆறு பயிற்சிகள் அடுத்தடுத்து வந்தால் அவற்றுக்கு இடையில் ஐந்து ஓய்வுகளே உண்டு. ஆறாவது முடிந்ததும் வருவது அந்த 20 விநாடி ஓய்வு அல்ல, செட்களுக்கு இடையிலான 90 விநாடி. அதேபோல நான்கு செட்களுக்கு நடுவே 90 விநாடி ஓய்வு மூன்று முறைதான் வரும். நான்காவது செட் முடிந்தால் பயிற்சியே முடிந்துவிடுகிறது.

நோட்டில் போட்டவர் இப்படித்தான் எண்ணினார். ஒரு செட்டின் வேலை 6 × 40 = 240 விநாடி. அதற்குள் ஓய்வு 5 × 20 = 100 விநாடி. ஆக ஒரு செட்டுக்கு 340 விநாடி. நான்கு செட்டுக்கு 1,360. இடையில் மூன்று பெரிய ஓய்வுகள், 270 விநாடி. கூட்டினால் 1,630 விநாடி. அறுபதால் வகுத்தால் 27 நிமிடம், மீதி 10 விநாடி.

மாஸ்டர் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஓய்வு என்று சேர்த்து, 40-ஐயும் 20-ஐயும் ஒரே நிமிடமாகப் பார்த்தார். ஆறு நிமிடம் ஒரு செட், நான்கு செட்டுக்கு 24 நிமிடம், நான்கு முறை ஒன்றரை நிமிட ஓய்வு, மொத்தம் 30. மனக்கணக்குக்கு இது வசதி. ஆனால் நான்கு செட்களின் கடைசியிலும் இல்லாத 20 விநாடிகள் நான்கும், எல்லாம் முடிந்த பிறகு இல்லாத 90 விநாடியும் இதில் சேர்ந்துவிட்டன. 80 விநாடியும் 90 விநாடியும் சேர்ந்து 170 விநாடி. இரண்டு விடைகளுக்கும் இடையே உள்ள 2 நிமிடம் 50 விநாடி இதுதான்.

இந்தக் கணக்கை ஒரே வரியில் எழுதி வைத்துக்கொள்ளலாம். S என்பது செட்களின் எண்ணிக்கை, N என்பது ஒரு செட்டில் எத்தனை முறை வேலை, W வேலை நேரம், R சின்ன ஓய்வு, B செட்களுக்கு இடையிலான பெரிய ஓய்வு:

```
T = S × (N × W + (N − 1) × R) + (S − 1) × B
```

இரண்டு இடங்களில் வரும் "கழித்தல் ஒன்று"தான் இதில் கவனிக்க வேண்டியது. மற்றதெல்லாம் வெறும் பெருக்கலும் கூட்டலும்.

குத்துச்சண்டை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. தொழில்முறை ஆண்கள் உலகப் பட்டப் போட்டி ஒன்று 12 ரவுண்டும் முழுதாக நடந்தால், ரவுண்டுக்கு மூன்று நிமிடம் வீதம் 36 நிமிடம் சண்டை. ரவுண்டுகளுக்கு நடுவே வீரர் மூலையில் உட்காரும் ஒரு நிமிட இடைவேளைகள் 11. மொத்தம் 47 நிமிடம், 48 அல்ல. பன்னிரண்டாவது ரவுண்டின் மணி அடித்த பிறகு யாரும் ஸ்டூலில் உட்கார்ந்து அடுத்த ரவுண்டுக்குக் காத்திருப்பதில்லை. ஒலிம்பிக்கில் மூன்று நிமிட ரவுண்டுகள் மூன்று. 9 நிமிடச் சண்டை, இரண்டு இடைவேளை, ஆக 11 நிமிடம்.

சரி, டைமர் ஆப் காட்டிய 28:30 எங்கிருந்து வந்தது? பல டைமர்கள் வேலையையும் ஓய்வையும் ஒரு ஜோடியாகவே ஓட்டுகின்றன. ஆறாவது பயிற்சி முடிந்ததும் 20 விநாடி ஓய்வைத் தந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் 90 விநாடியைத் தொடங்குகின்றன. அப்படியானால் ஒரு செட் 360 விநாடி, நான்கு செட் 1,440. பெரிய ஓய்வுகளை மட்டும் சரியாக மூன்று என்று எண்ணி 270 கூட்டினால் 1,710 விநாடி. அதுதான் இருபத்தெட்டரை நிமிடம். பயிற்சி செய்பவருக்கு இதன் விளைவு நேரிலேயே தெரியும்: செட் முடிந்து அடுத்த மணி அடிக்கும்வரை கிடைப்பது 90 அல்ல, 110 விநாடி.

கையில் இருக்கும் டைமர் எந்த ரகம் என்று கண்டுபிடிக்கப் பயிற்சி முழுவதையும் ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. சின்ன எண்களைக் கொடுத்து மொத்தத்தைப் பார்த்தால் போதும். திரையில் WORK என்ற இடத்தில் 10, REST என்ற இடத்தில் 5, ஒரு செட்டில் இரண்டு முறை, இரண்டு செட், செட்களுக்கு நடுவே 7 விநாடி என்று கொடுக்கலாம். தொடங்குமுன் "தயாராகு" என்று எண்ணும் நேரம் இருந்தால் அதைச் சுழியமாக்கிவிட வேண்டும். பல ஆப்களில் அது கேட்காமலே 10 விநாடி சேர்ந்துகொள்ளும். மொத்தம் 57 விநாடி என்று வந்தால் அந்த டைமர் தேவையில்லாத ஓய்வு எதையும் எண்ணவில்லை. 67 வந்தால் ஒவ்வொரு செட்டின் கடைசியிலும் சின்ன ஓய்வைச் சேர்க்கிறது. 74 என்றால் எல்லாம் முடிந்த பிறகு பெரிய ஓய்வையும் சேர்க்கிறது. 62 என்றால் பயிற்சியின் கடைசிச் சின்ன ஓய்வை மட்டும் விட்டுவிட்டு, நடுவில் உள்ளதை வைத்திருக்கிறது.

உலகம் முழுக்கப் பேர் பெற்ற தபாத்தா பயிற்சியிலும் இந்தக் கடைசி ஓய்வுக் குழப்பம் உண்டு. ஜப்பானின் ஸ்பீடு ஸ்கேட்டிங் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த இரிசாவா கோயிச்சி பயன்படுத்திய முறையை, இசுமி தபாத்தாவும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்து 1996-இல் கட்டுரை வெளியிட்டார்கள். 20 விநாடி உச்ச வேகம், 10 விநாடி ஓய்வு, எட்டு முறை. "நான்கு நிமிடப் பயிற்சி" என்று ஊரெல்லாம் சொல்வது இதைத்தான். 30 விநாடியை எட்டால் பெருக்கினால் 240 விநாடி, அதாவது நான்கு நிமிடம் சரியாக வருகிறது. ஆனால் எட்டாவது முறைக்குப் பின் வரும் 10 விநாடி வெறும் மூச்சு வாங்கல். அதைக் கழித்தால் 3 நிமிடம் 50 விநாடி.

அந்த ஆய்வைக் கவனித்துப் பார்த்தால் எட்டு என்பதும் நிலையான எண் அல்ல. ஆய்வில் பங்கேற்றவர்கள் ஏழு அல்லது எட்டு முறையில் மேற்கொண்டு முடியாத நிலைக்கு வந்துவிடும்படி சைக்கிள் எர்கோமீட்டரின் கடினம் வைக்கப்பட்டிருந்தது. ஏழோடு நின்றவருக்கு 140 விநாடி வேலை, 60 விநாடி ஓய்வு, மொத்தம் 3 நிமிடம் 20 விநாடி. இதற்கெல்லாம் முன்னால் 10 நிமிட வார்ம் அப் வேறு இருந்தது. ஆக, சைக்கிளில் ஏறி இறங்கும்வரை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 14 நிமிடம். "நான்கு நிமிடம் போதுமாமே" என்று ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் இதை நுழைக்கப் பார்ப்பவர்கள் இந்தப் பத்து நிமிடத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதைவிடப் பளிச்சென்று தெரியும் உதாரணம் கனடாவின் ஹாமில்டன் நகரில் இருக்கிறது. அங்குள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலாவின் ஆய்வுக் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வு "ஒரு நிமிடப் பயிற்சி" என்ற பெயரில் பரவியது. 20 விநாடி முழு மூச்சாக சைக்கிள் மிதிப்பது, அதை மூன்று முறை செய்வது. மூன்று இருபது அறுபது, ஆக ஒரு நிமிடம். பொய்யில்லை. ஆனால் ஒவ்வொரு மிதிப்புக்கும் நடுவே இரண்டு நிமிடம் மெதுவாக மிதிக்க வேண்டும். மூன்று மிதிப்புகளுக்கு இடையே இரண்டு இடைவெளி, 4 நிமிடம். தொடக்கத்தில் 2 நிமிட வார்ம் அப், முடிவில் 3 நிமிட கூல் டவுன். ஒன்றும் நான்கும் இரண்டும் மூன்றும் சேர்ந்தால் பத்து. ஆய்வாளர்களும் தங்கள் கட்டுரையில் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் என்றே எழுதியிருக்கிறார்கள். தலைப்புச் செய்தியில் வேலை நேரம் மட்டும் தங்கியது, ஓய்வு உதிர்ந்துவிட்டது.

இந்த உதாரணம் இன்னொன்றையும் காட்டுகிறது. ஓய்வு என்றால் சும்மா நிற்பது என்று இல்லை. மெதுவாக மிதிப்பதும், நடப்பதும் ஓய்வில்தான் சேரும். கால் அசைகிறதே என்று அதை வேலையில் போட்டுவிட்டால் வேலை நேரம் ஒன்றிலிருந்து ஐந்து நிமிடமாகிவிடும். மொத்தம் மாறாது, ஆனால் எவ்வளவு கடினமான பயிற்சி என்ற கணிப்பு அடியோடு மாறிவிடும்.

மறுபடியும் பலகைக்கு வரலாம். ஆறு பயிற்சிகளில் லஞ்சும் சைடு பிளாங்கும் இரண்டு பக்கமும் செய்ய வேண்டியவை. "ஒவ்வொரு பக்கமும் 40" என்று மாஸ்டர் வாயால் சொல்லிவிட்டால், பலகையில் ஆறு பெயர்தான் இருக்கும். உடம்புக்கு எட்டு முறை வேலை. ஒரு செட் 8 × 40 = 320, ஓய்வு 7 × 20 = 140, ஆக 460 விநாடி. நான்கு செட்டும் மூன்று பெரிய ஓய்வும் சேர்ந்தால் 2,110 விநாடி, 35 நிமிடம் 10 விநாடி. ஒரே ஒரு வாய்வார்த்தையால் எட்டு நிமிடம் கூடிவிட்டது. 40 விநாடிக்குள் பாதி இடது, பாதி வலது என்று பிரித்தால் நேரம் பழைய 27:10-இலேயே நிற்கும். பயிற்சி நினைத்ததைவிட இழுத்துக்கொண்டே போகிறது என்றால் முதலில் இந்த இரண்டு பக்கப் பயிற்சிகளைத்தான் பார்க்க வேண்டும்.

ஜிம்மில் ரெப் என்ற சொல்லாலும் கணக்கு தடுமாறும். ஓட்டப் பயிற்சியில் 400 மீட்டரை ஒரு முறை ஓடி முடிப்பது ஒரு ரெப். எடை தூக்குபவருக்கு டம்பெல்லை ஒரு முறை ஏற்றி இறக்குவது ஒரு ரெப். முதலாவதை மேலே உள்ள கணக்கில் N என்ற இடத்தில் அப்படியே போடலாம். இரண்டாவதை முதலில் விநாடியாக மாற்ற வேண்டும். இறக்க மூன்று விநாடி, கீழே ஒரு விநாடி, ஏற்ற ஒரு விநாடி என்று நிதானமாகச் செய்தால் ரெப்புக்கு ஐந்து விநாடி. 12 ரெப்புக்கு ஒரு நிமிடம். மூன்று செட், நடுவே 90 விநாடி ஓய்வு இரண்டு முறை என்றால் 6 நிமிடம். இது மதிப்பீடுதான். கடைசி மூன்று நான்கு ரெப்களில் கை நடுங்கும்போது ஐந்து விநாடி ஏழாகும். அவசரக்காரர் மொத்தத்தையும் அரை நிமிடத்தில் முடித்துவிடுவார். மணி அடித்து நிறுத்தும் பயிற்சிக்குத்தான் விநாடி சுத்தமான மொத்தம் உண்டு. எண்ணி நிறுத்தும் பயிற்சிக்கு ஒரு தடவை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்ப்பதே வழி.

கால்குலேட்டரிலும் ஒரு வழுக்கல் உண்டு. 1,630-ஐ 60-ஆல் வகுத்தால் 27.17 என்று வரும். அதை 27 நிமிடம் 17 விநாடி என்று படித்துவிடுகிறவர்கள் ஏராளம். புள்ளிக்குப் பின்னால் இருப்பது நிமிடத்தின் நூறில் பதினேழு பங்கு, அதாவது சுமார் 10 விநாடி. 28.5 என்று வரும்போது 28 நிமிடம் 5 விநாடி என்று எழுதினால் 25 விநாடி காணாமல் போகும். எல்லாவற்றையும் விநாடியிலேயே கூட்டி, கடைசியில் முழு நிமிடங்களை எடுத்துவிட்டு, மீதி விநாடியை அப்படியே எழுதுவது பாதுகாப்பு: 27 × 60 = 1,620; 1,630-இல் மீதி 10.

இவ்வளவு விநாடிக் கணக்கு எதற்கு என்றால், ஜிம்மில் பேட்ச் நேரம் இறுக்கமானது. 45 நிமிட பேட்ச் ஒன்றில் 8 நிமிடம் வார்ம் அப், 5 நிமிடம் கூல் டவுன், ஆறு பயிற்சிகளையும் செய்துகாட்ட 3 நிமிடம் என்று 16 நிமிடம் முன்னதாகவே போய்விடுகிறது. நோட்டுக்காரரின் கணக்குப்படி 43 நிமிடம் 10 விநாடியில் எல்லாம் முடியும். ஆப்பை நம்பி ஓட்டினால் 44 நிமிடம் 30 விநாடி, அதுவும் அடங்கிவிடும். மாஸ்டரின் கணக்கில் 46 நிமிடம் வரும். நேரம் போதாது என்று பயந்து ஒரு செட்டைத் தேவையில்லாமல் வெட்டிவிடுவார். இரண்டு பக்கமும் 40 என்று நடத்தினால் 51 நிமிடத்தைத் தாண்டி, அடுத்த பேட்ச் ஆட்கள் கதவருகே வந்து நிற்பார்கள்.

நேரம் முன்பே தெரிந்து, எத்தனை செட் அடங்கும் என்று கேட்பதும் உண்டு. அப்போது கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். இதற்கு ஒரு சுலபமான வழி, கிடைக்கும் நேரத்தோடு ஒரு பெரிய ஓய்வைக் கடனாகக் கூட்டிக்கொள்வது. அப்படிக் கூட்டினால் ஒவ்வொரு செட்டுக்கும் பின்னால் ஓர் ஓய்வு இருப்பதுபோல் ஆகிவிடும், நேரடியாக வகுத்துவிடலாம். கையில் 20 நிமிடம் இருந்தால் 1,200 விநாடி, அதோடு 90 சேர்த்து 1,290. ஒரு செட் 340, ஓர் ஓய்வு 90, சேர்த்து 430. 1,290-ஐ 430-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் மூன்று. மூன்று செட் சரியாக 20 நிமிடத்தில் முடியும்.

எப்போதும் இப்படி முழு எண்ணாக வராது. 25 நிமிடம் கிடைக்கிறது என்றால் 1,590-ஐ 430-ஆல் வகுக்க வேண்டும். மூன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். மூன்று செட்டோடு நிறுத்தினால் ஐந்து நிமிடம் சும்மா கிடக்கும். நான்காவது செட்டை நுழைக்க இரண்டு வழி உண்டு. பெரிய ஓய்வை 90-இலிருந்து 45 விநாடியாகக் குறைத்தால் 1,360-உம் 135-உம் சேர்ந்து 1,495 விநாடி. 24 நிமிடம் 55 விநாடியில் முடிந்துவிடும். வேலை நேரம் பழைய 16 நிமிடமே. ஆனால் பாதி ஓய்வில் மூச்சு அடங்கியிருக்காது. மூன்றாவது, நான்காவது செட்டில் ஸ்விங்கின் வேகமும் புஷ் அப்பின் எண்ணிக்கையும் சரியத் தொடங்கும்.

மற்ற வழி, 90 விநாடியைத் தொடாமல் ஆறு பயிற்சிகளில் ஒன்றை எடுத்துவிடுவது. அப்போது ஒரு செட்டின் வேலை 200 விநாடி, ஓய்வு 80, மொத்தம் 280. நான்கு செட்டும் மூன்று ஓய்வும் 1,390 விநாடி, 23 நிமிடம் 10 விநாடி. வேலை நேரம் 13 நிமிடம் 20 விநாடியாகக் குறையும். கடைசிச் செட்டிலும் முதல் செட்டின் வேகத்தையே எதிர்பார்க்கிற பயிற்சியாளர் இதைத்தான் எடுப்பார். மூச்சிரைக்க இரைக்கத் தாக்குப்பிடிக்கும் திறனை வளர்க்க நினைப்பவர் 45 விநாடி ஓய்வை எடுப்பார்.